பச்சைப் பென்சிலோடு போன கடிதம்



இவ்வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்ள நான் எடுத்துக்கொண்டது ஒரு பக்கம்கூட நிரம்பாத ஒரு கடிதம். அதை எழுதியவள் ஐந்தாம் வகுப்பு மாணவி. யாருக்கு எழுதினாளோ அவளும் அதே வகுப்பில் அவளுக்கு அருகிலேயே அமர்ந்திருந்தவள். கல்வியாண்டின் நடுவிலே, டிசம்பர் மாதத்தில், பள்ளியை விட்டுப் போனவள். இருவருடைய பெயர்களையும் இங்கே நான் எழுதப்போவதில்லை. எழுதியவளிடமும் அவள் தாயாரிடமும், போனவளின் பெரியம்மாவிடமும் அனுமதி பெற்ற பிறகே இதை உங்கள்முன் வைக்கிறேன்.

கீழ்புத்துப்பட்டை நீங்கள் அறிவீர்கள். மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஊர். இவ்வூரில் இலங்கைத் தமிழர் முகாம் இருப்பதும் உங்களுக்குத் தெரியும். 1983-க்குப் பிறகு போருக்குத் தப்பிப் படகேறி வந்தவர்களும், அவர்கள் பிள்ளைகளும், பிள்ளைகளின் பிள்ளைகளும் அங்கே வாழ்கிறார்கள். போனவள் அந்த முகாமின் பிள்ளை. இருக்கிறவள் உப்பளத்தில் கூலிவேலை செய்யும் ஒரு தாயின் மகள்.

முகாமின் பிள்ளை இவ்வூரிலேயே பிறந்தவள். இலங்கையை அவள் ஒருமுறையும் கண்டதில்லை. ஆயினும் 1987 ஜூலை 1-க்குப் பின் இந்தியாவில் பிறந்தது ஒன்றினால் மட்டுமே ஒருவருக்குக் குடியுரிமை கிடைப்பதில்லை. பெற்றோரில் ஒருவரேனும் இந்தியராக இருக்கவேண்டும். ஆகையால் பிறந்த ஊரிலேயே அவள் வேற்று நாட்டவள். அவள் தகப்பனார் ஊர் திரும்புவதென்று முடிவெடுத்தபோது அதற்கான வேலைகள் மாதக்கணக்கில் நடந்தன. பிள்ளையின் பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிந்து குடியுரிமைச் சான்று பெறவேண்டும். விருப்பத்தின்பேரில் ஊர் திரும்புகிறவர்களுக்கு விமானச் சீட்டு தந்து உதவும் ஐ.நா. அகதிகள் ஆணையத்துக்கு விண்ணப்பிக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் முடிவில், இந்திய அரசு நாட்டைவிட்டு வெளியேற அனுமதி தரவேண்டும்.

இந்த அனுமதி எந்த நாளில் வரும் என்று குடும்பத்தாரால் சொல்லமுடியாது. சொல்லிவிட்டுப் போகாமல் இருந்துவிட்டால் முகாமில் தலைகுனிவாகுமே என்று அஞ்சி, பெரும்பாலான வீடுகளில் கடைசிவரை வாய் திறப்பதில்லை. பிள்ளைகளையும் சொல்லவிடுவதில்லை. நம் ஊர்களில் ஒருவர் வீடு மாறிப் பள்ளி மாறினால் ஒரு மாதம் முன்னதாகவே தெருவுக்கெல்லாம் தெரிந்துவிடும். இங்கே நிலைமை வேறு. வகுப்பில் பக்கத்தில் இருக்கிறவளுக்கே ஒரு வாரம்தான் கிடைத்தது.

அந்த ஒரு வாரத்தின் முதல் நாளில், ஆலயத் திண்ணையில் நடக்கும் மாலை வகுப்பு முடிந்தபின், உப்பளத்துப் பிள்ளை என்னிடம் வந்து நின்றாள்.

"ஐயா, ஒரு லெட்டர் எழுதணும். எப்படி எழுதறதுன்னு சொல்லுங்க."

"யாருக்கும்மா?"

சொன்னாள். நான் மகிழ்ந்துபோனேன். அந்த மகிழ்ச்சியிலேதான் என் தவறு தொடங்கியது. "எழுது" என்று சொல்லி, நானே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு போனேன். எங்கிருந்தாலும் சீரும் சிறப்புமாக வாழவேண்டும் என்றேன். பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் பெருமை சேர்க்கவேண்டும் என்றேன். நம் நட்பு என்றென்றும் நிலைத்திருக்கும் என்றும், உன்னை ஒருபோதும் மறவேன் என்றும் முடித்தேன். அவள் ஒரு பிழையும் இல்லாமல், முத்து முத்தாக எழுதிக்கொண்டாள். நான் அதை வாங்கிப் பார்த்து, "நன்றாக இருக்கிறது" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.

மூன்று நாள் கழித்து, அவள் கணக்கு நோட்டைத் திருத்துவதற்காகத் திறந்தேன். அந்தக் கடிதம் நான்காக மடிக்கப்பட்டு உள்ளேயே கிடந்தது.

"இன்னும் கொடுக்கலையா?"

"இல்ல ஐயா."

"ஏம்மா?"

வெகுநேரம் பேசாமல் இருந்தாள். பின்பு, "இத நான் எழுதல ஐயா. நீங்க எழுதுனது. நான் சொல்ல வேண்டியது இதுல இல்ல" என்றாள்.

அன்பானவர்களே, நாற்பது வயதைக் கடந்தவர்கள் எழுதிவைக்கும் வாழ்த்துமடலை ஒரு பத்து வயதுப் பிள்ளையின் கையில் கொடுத்து, அவள் பெயரை அடியில் எழுதச் சொல்லியிருந்தேன். அதில் இருந்த ஒவ்வொரு வாக்கியமும் நல்ல வாக்கியம். ஆனால் அந்தக் கடிதத்தை எந்த ஊரில் உள்ள எந்தப் பிள்ளையும் எந்தப் பிள்ளைக்கும் கொடுக்கலாம். அந்த இரண்டு பேருக்குள் நடந்த எதுவும் அதில் இல்லை. சொல்லவேண்டியது என்னவென்று அவளிடம் ஒரு கேள்வியாவது நான் கேட்டிருந்தால் இப்படி ஆகியிருக்காது.

இப்போது கேட்டேன். கேட்டவை இரண்டே கேள்விகள். "அவளிடமிருந்து வாங்கித் திருப்பிக் கொடுக்காதது ஏதாவது இருக்கிறதா?" என்பது ஒன்று. "அவளிடம் சொல்லாமல் விட்டது ஏதாவது இருக்கிறதா?" என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு உடனே தலையாட்டினாள். இரண்டாவது கேள்விக்கு அழத் தொடங்கினாள்.

நடந்தது இதுதான். ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள், பள்ளியின் தண்ணீர்த் தொட்டியருகே யார் முதலில் தட்டைக் கழுவுவது என்று இருவருக்கும் தள்ளுமுள்ளு. அந்தக் கோபத்தில் இவள், "போடி அகதி" என்று சொல்லிவிட்டாள். சுற்றி நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். முகாமின் பிள்ளை ஒன்றும் சொல்லாமல் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் வழக்கம்போல வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் பேசினார்கள், விளையாடினார்கள். அந்தச் சொல்லைப் பற்றி மட்டும் நான்கு மாதமாக இருவரும் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

2021-இல் தமிழ்நாடு அரசு, அகதிகள் முகாம் என்ற பெயரை நீக்கி, இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று அழைக்கவேண்டும் என அறிவித்தது. பெயர் மாறியது. ஆனால் தண்ணீர்த் தொட்டியருகே சண்டை வரும்போது பிள்ளைகள் வாயில் எந்தச் சொல் வருகிறது என்பதை எந்த அறிவிப்பும் தீர்மானிப்பதில்லை. அதை நம் வீடுகள் தீர்மானிக்கின்றன. இந்தப் பிள்ளை அச்சொல்லை எங்கே கற்றாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நம்மில் யாராவது ஒருவரின் வீட்டில் போய் அது முடிந்திருக்கும்.

பலிபீடத்தண்டையில் காணிக்கையோடு நிற்கிறவன், தன் சகோதரனுக்குத் தன்மேல் குறை உண்டென்று நினைவுகூர்ந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலாவது போய் ஒப்புரவாகவேண்டும் என்று மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் சொன்னதை எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். ஒரு பிள்ளை அப்படிப் போவதற்கு வழி கேட்டு என்னிடம் வந்தபோது, அவள் கையில் நான் மறுபடியும் ஒரு காணிக்கையைத்தான் கொடுத்து அனுப்பினேன்.

அன்று மாலை அவளை வீட்டில் விடப் போனபோது அவள் தாயார் வாசலில் இருந்தார். மழைக்காலமாகையால் உப்பளத்தில் வேலையில்லை. விஷயத்தைக் கேட்டதும் அவர் மகளைத் திட்டுவார் என்று எண்ணினேன். அவர் சற்று யோசித்து, "பாத்திய நல்லா மிதிச்சு இறுக்காம, சேத்தோட தண்ணி விட்டா உப்பு கருத்துதான் வரும் ஐயா. அந்தப் பேச்ச எடுக்காம மத்தத எல்லாம் எழுதி என்ன பிரயோசனம்?" என்றார். ஜனவரி பிறந்ததும் தேங்கிய மழைநீரை இறைத்து, வரப்பைச் சீர்செய்து, பாத்தியின் தரையை நாட்கணக்கில் காலால் மிதிக்கிறவர் அவர். என் வேதபாடத்தைவிட அவர் சொன்ன வார்த்தை அந்தப் பிள்ளைக்கு நன்றாகப் புரிந்தது.

அடுத்த நாள் அவள் தானாகவே எழுதிக்கொண்டு வந்தாள். நான் திருத்தவில்லை. அவள் எழுதியபடியே இங்கே தருகிறேன். தோழியின் பெயரை மட்டும் விட்டுவிடுகிறேன்.

"நீ குடுத்த பச்சை கலர் பென்சில் என்கிட்டயே இருக்கு. சீவி சீவி பாதி ஆயிடுச்சு. மீதிய இதோட வச்சிருக்கேன்.

டேங்க் கிட்ட சண்டை வந்தப்ப உன்ன அகதின்னு சொன்னேன். அது தப்பு. எனக்கு அப்பவே தெரியும். நீ டீச்சர் கிட்ட சொல்லல.

மூணாம் பருவம் புக்கு வந்தா உனக்கு கிடைக்காது. தமிழ்ல முதல் பாடத்த நான் எழுதி அனுப்பறேன்.

நீ லெட்டர் போட்டா நான் பதில் போடுவேன். அட்ரஸ் பின்னாடி இருக்கு."

இவ்வளவுதான். நான் சொல்லி எழுதவைத்த கடிதத்தையும் இதையும் அருகருகே வைத்துப் பாருங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளையும் ஒரு நாள் இப்படி ஒரு கடிதம் எழுதவேண்டி வரலாம். அப்போது உதவும் என்பதால், இதிலிருந்து நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதலாவது, அவள் கடனிலிருந்து தொடங்கினாள். பாதிப் பென்சில் பெரிய பொருளல்ல. ஆனால் பிள்ளைகளின் உலகத்தில் நட்பு என்பது இப்படிப்பட்ட பொருள்களின் வழியாகவே நடக்கிறது. வாங்கிய அழிப்பான், பகிர்ந்த மாங்காய்த் துண்டு, எழுதிக்கொடுத்த வீட்டுப்பாடம். "நம் நட்பு" என்று பெரியவர்கள் எழுதுகிற இடத்தில் பிள்ளை அந்தப் பொருளின் பெயரை எழுதும். வாசிக்கிற பிள்ளைக்கு, இது எனக்கென்றே எழுதப்பட்டது என்று அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்துவிடும்.

இரண்டாவது, மன்னிப்புக் கேட்ட விதம். எந்த இடத்தில், எந்தச் சொல்லைச் சொன்னாள் என்று எழுதியிருக்கிறாள். நீயும்தானே தள்ளினாய் என்று அதோடு சேர்க்கவில்லை. தெரியாமல் சொல்லிவிட்டேன் என்றும் எழுதவில்லை. அப்பவே தெரியும் என்று எழுதினாள். எல்லாவற்றையும்விட, "என்னை மன்னித்துவிட்டேன் என்று சொல்" என்று அவள் கேட்கவில்லை. நாளை விமானம் ஏறப்போகிற ஒரு பிள்ளையின்மேல் பதில் சொல்லும் பாரத்தை வைக்காமல், தன் பாரத்தை மட்டும் இறக்கிவைத்தாள். "தப்பாக ஏதாவது பேசியிருந்தால் மன்னித்துக்கொள்" என்று நாம் எழுதுகிறோமே, அதை வாசிக்கிறவருக்கு எந்தத் தப்பு என்று நமக்கு நினைவிருக்கிறதா என்பதே தெரியாது. இவள் அந்தச் சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை.

மூன்றாவது, அவள் கொடுத்த வாக்கு. என்றென்றும் மறவேன் என்பது ஒரு பிள்ளையால் காப்பாற்றக்கூடிய வாக்கல்ல. அதை நிறைவேற்றியாயிற்று என்று சொல்லும் நாளும் வராது. தினமும் எழுதுவேன் என்று எழுதினால் இரண்டாம் வாரமே பொய்யாகிவிடும். எழுதாமல் போனவளும் குற்றவுணர்வோடு இருப்பாள், காத்திருந்தவளும் மனமுடைந்து போவாள். இவளோ ஒரு பாடத்தை எழுதி அனுப்புகிறேன் என்றாள். கடிதம் வந்தால் பதில் போடுவேன் என்றாள். இரண்டும் அவள் கைக்கு எட்டுகிற காரியங்கள்.

அந்தப் பாடத்தைப் பற்றிச் சற்று விளக்கவேண்டும். நம் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்புக்கு மூன்று பருவங்களாகப் பிரித்துப் புத்தகம் தருகிறார்கள். மூன்றாம் பருவத்துப் புத்தகம் ஜனவரியில் பள்ளி திறக்கும்போது கைக்கு வரும். டிசம்பரில் போகிறவளுக்கு அது கிடைக்காது. இலங்கையிலோ கல்வியாண்டு வழக்கமாக ஜனவரியில் தொடங்குகிறது. நமக்கு ஆண்டின் நடுப்பகுதியாய் இருப்பது அங்கே ஆண்டின் முதல் நாள். ஐந்தாம் வகுப்பைப் பாதிக்கு மேல் முடித்த பிள்ளை, அங்கே தரம் ஐந்தில் முதல் பாடத்திலிருந்து மறுபடி தொடங்கப் போகிறாள். நாம் வகுப்பு என்பதை அவர்கள் தரம் என்பார்கள். நாம் பருவம் என்பதை அவர்கள் தவணை என்பார்கள். மொழி ஒன்றுதான், ஆனால் தெரிந்த மொழியிலேயே தெரியாத சொற்கள் அவளுக்குக் காத்திருக்கின்றன. அவள் பாதியில் விட்டுப்போகும் வகுப்பிலிருந்து ஒரு பாடமேனும் அவளைத் தேடி வரும் என்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று நான் பிறகுதான் உணர்ந்தேன்.

நான்காவது, முகவரி. போகிறவளின் முகவரியை இருக்கிறவர்கள் கேட்டு வாங்குவதே நம் வழக்கம். ஆனால் ஊர் திரும்பும் குடும்பத்துக்கு நிலையான முகவரி இருப்பதில்லை. முதலில் ஒரு உறவினர் வீடு, பிறகு வேறிடம். கைப்பேசி எண்ணும் அங்கே போனதும் மாறிவிடும். மாறாமல் இருக்கப்போகிறது இங்கே இருக்கிறவளின் முகவரிதான். அதை எழுதிக் கொடுக்கவேண்டும் என்று அவளுக்கு எப்படித் தோன்றியதோ தெரியாது. கடிதத்தின் பின்புறத்தில் தன் பெயர், தாயார் பெயர், தெரு, ஊர், மாவட்டம், அஞ்சல் குறியீட்டு எண் எல்லாம் எழுதியிருந்தாள். நான் சேர்க்கச் சொன்னது ஒரே ஒரு சொல்: இந்தியா. அதைத் தன் முகவரியில் எழுதவேண்டிய தேவை அவளுக்கு அதுவரை வந்ததில்லை. எழுதி முடித்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் தோழி எவ்வளவு தூரம் போகிறாள் என்பது அந்தச் சொல்லை எழுதும்போதுதான் அவளுக்கு விளங்கியது போலும்.

இன்னும் ஒன்று, எப்போது கொடுப்பது என்பது. கடைசி நாளன்று கொடுத்துக்கொள்ளலாம் என்று அவள் இருந்திருந்தால் கொடுத்தே இருக்கமாட்டாள். மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்த அன்று முகாமின் பிள்ளை வகுப்புக்குள் வரவேயில்லை. தகப்பனாரோடு தலைமையாசிரியர் அறைக்கு வந்து, அங்கிருந்தே திரும்பிவிட்டாள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிள்ளை வேறு பள்ளிக்குப் போகவேண்டி வந்தால் தலைமையாசிரியர் மாற்றுச் சான்றிதழை உடனே தரவேண்டும் என்கிறது. அது வரத் தாமதமானாலும் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கக்கூடாது என்கிறது. பிள்ளையின் படிப்பு ஒரு நாளும் தடைபடக்கூடாது என்பதற்கான நல்ல ஏற்பாடு அது. ஆனால் விடைபெறுவதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கவேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. அந்த நேரத்தை நாம்தான் ஒதுக்கித் தரவேண்டும்.

அந்தச் சான்றிதழை அவள் தகப்பனார் என்னிடம் காட்டினார். பெயர், பிறந்த தேதி, படித்த வகுப்பு, உடலில் உள்ள மச்சங்கள், பள்ளியை விட்டு நீங்கிய நாள், நடத்தை. நடத்தை என்ற இடத்தில், "நன்று" என்று ஒரே சொல். தன்னை அவமதித்தவளை ஆசிரியரிடம் காட்டிக்கொடுக்காமல், மறுநாளே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளை அவள். அந்த நடத்தையைப் பார்த்தவள் ஒருத்திதான். "நீ டீச்சர் கிட்ட சொல்லல" என்று எழுதிக் கையில் கொடுத்தவளும் அவளே.

கடிதம் அன்று மாலையே முகாம் வாசலில் கைமாறியது. நான் சற்றுத் தள்ளி நின்றேன். முகாமின் பிள்ளை நின்றபடியே வாசித்தாள். ஒருமுறை வாசித்து, மறுபடியும் வாசித்தாள். ஒன்றும் சொல்லவில்லை. பென்சிலைக் காகிதத்துக்குள் வைத்துச் சுருட்டி, தகப்பனார் கையிலிருந்த சான்றிதழ் உறையைக் கேட்டு வாங்கி, அதற்குள் போட்டாள். பிறகு இருவரும் வேறு எதையோ பேசிக்கொண்டு, பெரியம்மா வந்து கூப்பிடும்வரை அங்கேயே நின்றிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. நீங்களும் உங்கள் பிள்ளைகளிடம் கேட்காதிருங்கள். இப்படிப்பட்ட கடிதங்களை வகுப்பில் எல்லாருக்கும் முன்பாக உரக்க வாசிக்கச் சொல்கிற வழக்கம் சில இடங்களில் உண்டு. அன்பின் மிகுதியால் செய்வதுதான். ஆனால் உரக்க வாசிக்கப்படும் என்று தெரிந்தால் எந்தப் பிள்ளையும் தண்ணீர்த் தொட்டியைப் பற்றி எழுதாது.

ஜனவரியில் மூன்றாம் பருவப் புத்தகம் வந்தது. இரண்டு மாலைகள் உட்கார்ந்து, அவள் முதல் பாடத்தை முழுவதும் எழுதி முடித்தாள். உள்நாட்டுக் கடிதத்தாளில் அனுப்பலாம் என்று நினைத்திருந்தாள். அது கடல் கடந்து போகாது என்று சொல்லி, உறை வாங்கி, அஞ்சலகத்தில் எடைபோட்டு, தபால்தலை ஒட்டி அனுப்பினோம். பெரியம்மாவிடமிருந்து உறவினர் வீட்டு முகவரி அதற்குள் கிடைத்திருந்தது.

பதில் கடிதம் இன்னும் வரவில்லை. ஆனால் மார்ச் மாதத்தில் பெரியம்மாவின் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. அவர் அதை எங்களுக்குச் சொன்னார். பிள்ளை நலமாயிருக்கிறாள். பாடம் வந்து சேர்ந்தது. சிங்களம் படிக்கச் சிரமப்படுகிறாள். வகுப்பில் சில பிள்ளைகள் அவளை, "இந்தியாக்காரி" என்று கூப்பிடுகிறார்கள்.

இங்கே இருந்தவரை ஒரு பெயர். அங்கே போனதும் வேறொரு பெயர். நாங்கள் பெரியவர்கள் பேச்சற்று நின்றோம். உப்பளத்துப் பிள்ளைதான் முதலில் பேசினாள்.

"ஐயா, அப்படிக் கூப்பிட்ட பிள்ள அவகிட்ட மன்னிப்புக் கேட்டுச்சா?"

எனக்குத் தெரியாது என்றேன். அவள் அன்றே மறுபடியும் ஒரு தாள் கேட்டாள். இம்முறை எப்படி எழுதுவது என்று என்னிடம் கேட்கவில்லை.

பிரியமானவர்களே, இந்த ஆண்டிலும் நம் பிள்ளைகளின் வகுப்புகளில் யாரோ ஒருவர் ஆண்டின் நடுவே எழுந்து போகக்கூடும். முகாமிலிருந்து கடல் கடந்து போகலாம். தகப்பனாரின் வேலையோடு வேறு ஊருக்குப் போகலாம். உங்கள் பிள்ளை தாளும் பேனாவுமாக வந்து நின்றால், வாக்கியம் சொல்லிக் கொடுக்காதிருங்கள். என்னிடம் தாமதமாக வந்த அந்த இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். கேட்டுவிட்டு, திண்ணையிலிருந்து எழுந்து சற்று நேரம் உள்ளே போய்விடுங்கள்.

ஆமென்.